மோட்டாருக்கு ஒரு வழி, விளக்குக்கு ஒரு வழி: வீட்டு இஎஸ்பி32 சாதனங்களுக்கு எந்த ஓடிஏ முறை?

ஒரு வீட்டில் இஎஸ்பி32 என்ற வைஃபை சிப்பில் இயங்கும் 24 சாதனங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுவிட்ச் பெட்டிகளுக்குள் ரிலே பலகைகள் 16, அறைகளில் வெப்பநிலை சென்சார்கள் 5, மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்க ஒன்று, கீழே போர்வெல் மோட்டாரை ஓட்ட ஒன்று, வெளி கேட்டுக்கு ஒன்று. எல்லாம் 4 எம்பி ஃபிளாஷ் உள்ள சாதாரண மாட்யூல்கள். இவற்றின் உள்ளே ஓடும் நிரலான ஃபர்ம்வேரை வைஃபை வழியாகவே மாற்ற வேண்டும்; இதைத்தான் ஓடிஏ என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சுவிட்ச் பெட்டியைத் திருகிக் கழற்றி, யுஎஸ்பி கம்பியைச் செருகிக்கொண்டிருக்க முடியாது.

இதற்கு நடைமுறையில் மூன்று வழிகளைத்தான் பலரும் எடுக்கிறார்கள். ஒன்று இஎஸ்பிஹோம். வீட்டிலுள்ள கணினி ஒவ்வொரு சாதனத்துக்கும் ஃபர்ம்வேரைத் தள்ளிவிடும். இரண்டாவது டாஸ்மோட்டா. சாதனமே ஒரு முகவரியிலிருந்து புதிய கோப்பை இழுத்துக்கொள்ளும். மூன்றாவது, சிப் தயாரிப்பாளரின் மென்பொருள் தொகுப்பான இஎஸ்பி-ஐடிஎஃப் கொண்டு நாமே எழுதும் ஃபர்ம்வேர். இதில் எச்டிடிபிஎஸ் வழியே இழுப்பது, கையொப்பம் சரிபார்ப்பது, தவறினால் பழைய பதிப்புக்குத் திரும்பும் ரோல்பேக் எல்லாவற்றையும் நாமே அமைத்துக்கொள்ளலாம்.

எது சுலபம் என்று பார்த்தால் விடை உடனே கிடைத்துவிடும்: இஎஸ்பிஹோம். ஆனால் நான் தேர்ந்தெடுக்கும்போது கேட்கும் கேள்விகள் வேறு. புதிய ஃபர்ம்வேர் சொதப்பினால் அந்தச் சாதனம் யார் உதவியும் இல்லாமல் தானே எழுந்து நிற்குமா? என் அனுமதி இல்லாத ஃபர்ம்வேரை அது ஏற்றுக்கொள்ளுமா? இந்த இரண்டுக்கும் மூன்று வழிகளும் வெவ்வேறு விடை தருகின்றன. அந்த விடை எவ்வளவு முக்கியம் என்பது, சாதனம் படுக்கையறை விளக்கை இயக்குகிறதா, போர்வெல் மோட்டாரை இயக்குகிறதா என்பதைப் பொறுத்தது.

பாதியில் கரண்ட் போனால்

எல்லோருக்கும் முதலில் வரும் பயம் இதுதான். உண்மையில் மூன்று வழிகளிலும் நன்றாகத் தீர்க்கப்பட்ட பிரச்சினையும் இதுதான். ஆனால் தீர்த்த விதம் வேறு.

இஎஸ்பிஹோமும் இஎஸ்பி-ஐடிஎஃப்பும் ஃபிளாஷை இரண்டு ஸ்லாட்டுகளாகப் பிரிக்கின்றன. ஒன்றிலிருந்து இப்போதைய ஃபர்ம்வேர் ஓடும். புதியது மற்றொன்றில் எழுதப்படும். முழுவதும் எழுதி, சரிபார்த்த பிறகுதான் எந்த ஸ்லாட்டிலிருந்து தொடங்குவது என்ற குறிப்பு மாறும். அந்தக் குறிப்பு இருக்கும் இடம் `otadata` என்ற 8 கேபி பகுதி. அது 4 கேபி அளவில் இரண்டு செக்டார்கள். ஒரு நேரத்தில் ஒன்றில்தான் எழுதுவார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்று அந்தச் செக்டார் கெட்டுப்போனாலும் மற்றது அப்படியே இருக்கும். சாதனம் பழைய ஃபர்ம்வேரில் எழுந்துவிடும்.

இதற்குக் கொடுக்கும் விலை இடம். 4 எம்பி ஃபிளாஷில் இஎஸ்பிஹோம் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் 1.75 எம்பி ஒதுக்குகிறது. ஃபர்ம்வேர் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

டாஸ்மோட்டா இந்த விலையைக் கொடுக்க விரும்பவில்லை. இஎஸ்பி32-இல் அது 832 கேபி அளவுக்கு `safeboot` என்ற சிறிய ஃபர்ம்வேரை ஒரு மூலையில் வைத்துவிட்டு, 2880 கேபியை ஒரே பெரிய ஸ்லாட்டாக முதன்மை ஃபர்ம்வேருக்குக் கொடுக்கிறது. மேம்படுத்தும்போது சாதனம் அந்தச் சிறிய ஃபர்ம்வேருக்குள் போய், அங்கிருந்து முதன்மை ஸ்லாட்டின் மேலேயே எழுதும். பாதியில் கரண்ட் போனால் சாதனம் செத்துவிடாது. `safeboot` எழுந்து வைஃபையில் சேரும், அதன் பக்கத்தைத் திறந்து மறுபடி முயலலாம். ஆனால் பழைய ஃபர்ம்வேர் அந்த நேரத்தில் இல்லை, அழிந்துவிட்டது. நாம் வந்து கவனிக்கும் வரை ரிலே வேலை செய்யாது. படிக்கட்டு விளக்குக்கு இது பரவாயில்லை. தொட்டி காலியாகிக்கொண்டிருக்கும்போது மோட்டார் பலகை இந்த நிலையில் நின்றால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

இங்கே ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஓடிஏ வழியாக வழக்கமாக மாறுவது ஸ்லாட்டில் உள்ள ஃபர்ம்வேர் மட்டுமே. ஃபிளாஷின் பிரிவுகளைச் சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையும், ஃபர்ம்வேரைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரும் முதல் நாள் கம்பி வழியே எழுதியவைதான். அவற்றைக் காற்றுவழி மாற்ற முயன்றால், எழுதும் சில நொடிகளில் மின்சாரம் போனாலே சாதனம் முழுதாக முடங்கிவிடும். அதனால் எத்தனை ஸ்லாட், எவ்வளவு அளவு, பூட்லோடரில் ரோல்பேக் உண்டா என்ற முடிவுகளைச் சாதனத்தைச் சுவரில் பொருத்துவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். `CONFIG_BOOTLOADER_APP_ROLLBACK_ENABLE` இல்லாத பூட்லோடரோடு தொட்டிமேல் ஏறிய சாதனத்துக்கு, பிறகு அந்த வசதியைக் கொடுக்க ஏணி வேண்டும்.

எழுந்தது, ஆனால் வேலை செய்யவில்லை

பெரும்பாலான சிக்கல் இங்கேதான். ஃபர்ம்வேர் முழுதாக இறங்கிவிட்டது, சரிபார்ப்பும் சரி, சாதனமும் எழுந்தது. ஆனால் அதில் ஒரு தவறு இருக்கிறது. இப்போது என்ன ஆகும்?

இஎஸ்பிஹோமின் விடை `safe_mode`. வழக்கமான அமைப்பில், சாதனம் எழுந்து 1 நிமிடம் தாக்குப்பிடித்தால் அந்தத் தொடக்கம் வெற்றி என்று எண்ணப்படும். தொடர்ந்து 10 முறை அந்த ஒரு நிமிடத்தைத் தாண்ட முடியாமல் விழுந்தால், சென்சார், ரிலே எதையும் தொடாமல் வைஃபையையும் ஓடிஏவையும் மட்டும் கிளப்பிவிட்டு 5 நிமிடம் காத்திருக்கும். அந்த நேரத்துக்குள் திருத்திய ஃபர்ம்வேரைத் தள்ளிவிடலாம்.

இது நல்ல ஏற்பாடு. ஆனால் இதன் எல்லையைப் புரிந்துகொள்ள வேண்டும். `safe_mode` புதிய ஃபர்ம்வேருக்குள்ளேயே இருக்கும் ஒரு பகுதி. புதிய அமைப்புக் கோப்பில் வைஃபை கடவுச்சொல்லைத் தவறாக அடித்திருந்தால், `safe_mode`-உம் அதே தவறான கடவுச்சொல்லோடுதான் போய் நிற்கும். அதைவிட முக்கியம்: வைஃபையே கிடைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடிக்கொண்டிருந்தாலும் அது வெற்றிகரமான தொடக்கம்தான். அதன் அளவுகோல் நேரம் மட்டுமே. ஆகவே இஎஸ்பிஹோம் எடுப்பவர்கள் `wifi:` பகுதிக்குள் `ap:` என்ற மாற்று ஹாட்ஸ்பாட்டைக் கட்டாயம் வைக்க வேண்டும். அப்போதுதான் ஃபோனை எடுத்துக்கொண்டு சாதனத்தின் பக்கத்தில் போய் நின்றாவது சரிசெய்ய முடியும்.

இன்னொன்று, நம் ஊரில் கரண்ட் வரும் அழகுக்கு ஏற்ற சிக்கல். மழைக்காலத்தில் விட்டு விட்டு வந்து போகும்போது, ஒரு நிமிடம்கூட நிலைக்காத தொடக்கங்கள் பத்து சேர்ந்துவிட்டால், எந்தத் தவறும் இல்லாத சாதனம் `safe_mode`-க்குள் போய்விடும். 5 நிமிடம் சுவிட்ச் வேலை செய்யாது, அப்புறம் தானாகச் சரியாகிவிடும். காரணம் தெரியாதவர்கள் பலகை கெட்டுவிட்டது என்று கழற்றிவிடுவார்கள். `num_attempts` எண்ணைக் கூட்டி வைத்தால் இது குறையும்.

இஎஸ்பி-ஐடிஎஃப்பின் ரோல்பேக் வேறு மாதிரி. புதிய ஃபர்ம்வேர் முதல்முறை எழும்போது பூட்லோடர் அதைத் தற்காலிகமாகத்தான் அனுமதிக்கிறது, நிலை `ESP_OTA_IMG_PENDING_VERIFY`. நான் நன்றாக இருக்கிறேன் என்று ஃபர்ம்வேரே உறுதிசெய்ய வேண்டும். உறுதிசெய்வதற்கு முன் எந்தக் காரணத்தால் ரீசெட் ஆனாலும், அடுத்த தொடக்கத்தில் பூட்லோடர் பழைய ஸ்லாட்டுக்குத் திரும்பிவிடும். மனிதர் யாரும் வர வேண்டியதில்லை. மோட்டார் பலகைக்கு எனக்கு வேண்டியது இதுதான்.

```c
esp_ota_img_states_t st;
const esp_partition_t *p = esp_ota_get_running_partition();
if (esp_ota_get_state_partition(p, &st) == ESP_OK &&
    st == ESP_OTA_IMG_PENDING_VERIFY) {
    if (self_test_ok())
        esp_ota_mark_app_valid_cancel_rollback();
    else
        esp_ota_mark_app_invalid_rollback_and_reboot();
}
```

இதில் `self_test_ok()` நாம் எழுத வேண்டிய பகுதி. முறையின் முழுப் பயனும் அதில்தான் இருக்கிறது. பலரும் அங்கே வைஃபை கிடைத்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு உறுதி செய்துவிடுகிறார்கள். அது ஏன் போதாது என்பதை ஒரு எடுத்துக்காட்டோடு பார்க்கலாம்.

தொட்டி மட்டம் பார்க்கும் சாதனத்தில் பதிப்பு 13 ஓடுகிறது. பதிப்பு 14-இல் ஒரு புதிய சென்சார் நூலகத்தைச் சேர்க்கிறோம். அது நினைவகத்தில் ஆங்காங்கே துண்டு துண்டாக இடம் பிடிக்கிறது. மொத்தம் 45 கேபி காலியாக இருக்கிறது. ஆனால் ஒரே துண்டாகக் கிடைப்பது 12 கேபிதான். சாதனம் எழுகிறது, வைஃபை சேருகிறது, தண்ணீர் மட்டத்தை எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறையில் ஒழுங்காக அனுப்புகிறது. பார்க்க எல்லாம் சரி. இப்போது பதிப்பு 15 வருகிறது. அதை இறக்க எச்டிடிபிஎஸ் இணைப்பு வேண்டும். வழக்கமான அமைப்பில், அதன் மறையாக்கத்தைச் செய்யும் டிஎல்எஸ்-இன் உள்வரும் பஃபர் மட்டுமே 16 கேபிக்கு மேல் ஒரே துண்டாகக் கேட்கும். அது கிடைக்காது. லாக்கில் `mbedtls_ssl_setup returned -0x7F00` என்று வரும்; நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று பொருள். சாதனம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், ஆனால் இனி எந்த மேம்பாட்டையும் ஏற்காது. ரோல்பேக்கும் உதவாது, ஏனென்றால் பதிப்பு 14-ஐ நாமே நல்லது என்று உறுதிசெய்துவிட்டோம்.

ஆக, சோதனை கேட்க வேண்டிய கேள்வி: அடுத்த மேம்பாட்டை இந்த ஃபர்ம்வேரால் வாங்க முடியுமா? நான் வைக்கும் வரிசை இதுதான். முதலில் சென்சார் அல்லது ரிலேயிலிருந்து பொருளுள்ள மதிப்பு வருகிறதா என்று பார்ப்பது. பிறகு வைஃபை. அதன்பின் மேம்பாட்டுச் சர்வரிலிருந்து பதிப்பு விவரக் கோப்பை உண்மையாகவே எச்டிடிபிஎஸ் வழியே இறக்கிப் பார்ப்பது. சில நிமிடங்கள் ஓடவிட்டு `heap_caps_get_largest_free_block(MALLOC_CAP_8BIT)` 20 கேபிக்குக் கீழே போகவில்லையா என்று கவனிப்பது. இவை எல்லாம் 10 நிமிடத்துக்குள் முடியாவிட்டால் திரும்பிவிட வேண்டும்.

இதோடு டாஸ்க் வாட்ச்டாகையும் இயக்க வேண்டும். ஃபர்ம்வேர் விழாமல் எங்காவது தொங்கி நின்றால் ரீசெட்டே வராது. ரீசெட் இல்லாமல் ரோல்பேக் இல்லை. வாட்ச்டாக் வழக்கமாக லாக்கில் எச்சரிக்கை மட்டும் அச்சிடும். `CONFIG_ESP_TASK_WDT_PANIC` போட்டால்தான் ரீசெட் செய்யும். ஆர்டுயினோவில் எழுதுபவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது: அதன் மையக் குறியீடு, நம் `setup()` தொடங்குவதற்கு முன்பே ஃபர்ம்வேரை நல்லது என்று குறித்துவிடும். `verifyRollbackLater()` என்ற ஃபங்ஷனை நாம் எழுதி `true` திருப்பினால்தான் முடிவு நம் கைக்கு வரும்.

இந்த 10 நிமிடச் சோதனைக்குள்ளேயே கரண்ட் போய்விட்டால்? பூட்லோடருக்கு மின்வெட்டும் ஃபர்ம்வேர் விழுந்ததும் ஒன்றுதான். நல்ல பதிப்பு 15-ஐத் தோல்வி என்று குறித்துவிட்டுப் பதிப்பு 14-க்குப் போய்விடும். சேதம் இல்லை. ஆனால் இஎஸ்பி-ஐடிஎஃப்பின் எடுத்துக்காட்டு நிரலில், ஒருமுறை தோற்ற பதிப்பை மறுபடி ஏற்காதே என்ற சரிபார்ப்பு இருக்கிறது. அதை அப்படியே நகல் எடுத்தால், ஒரு மின்வெட்டு நல்ல பதிப்பை நிரந்தரமாகத் தள்ளிவைத்துவிடும். ஒரே பதிப்புக்கு மூன்று வாய்ப்பு என்று ஒரு எண்ணிக்கையை, அமைப்புகளைச் சேமிக்கும் என்விஎஸ் பகுதியில் வைத்துக்கொள்வது நல்லது. வாய்ப்புகளுக்கு எல்லை இல்லாமலும் விடக் கூடாது. உண்மையிலேயே கெட்ட ஃபர்ம்வேரை இறக்குவதும் திரும்புவதுமாகச் சாதனம் இரவெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும்.

என்விஎஸ் பற்றி இன்னொரு எச்சரிக்கை. ரோல்பேக் திருப்புவது நிரலை மட்டுமே. சேமித்த அமைப்புகளை அது தொடாது. பதிப்பு 15, தொட்டியின் உயரத்தை சென்டிமீட்டரிலிருந்து மில்லிமீட்டருக்கு மாற்றி அதே பெயரில் எழுதிவிட்டுத் தோற்றுப்போனால், திரும்பி வந்த பதிப்பு 14 அந்த எண்ணை சென்டிமீட்டர் என்றே படிக்கும். 1 மீட்டர் தொட்டி 10 மீட்டர் ஆகிவிடும், மோட்டார் நிற்கவே நிற்காது. அமைப்பின் பொருள் மாறினால் புதிய பெயரில் எழுத வேண்டும். பழையதை அடுத்த சில பதிப்புகள் வரை அழிக்கக் கூடாது.

யார் அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளுமா?

இஎஸ்பிஹோமின் ஓடிஏ, 3232 போர்ட்டில் கடவுச்சொல்லைக் கேட்கும். கடவுச்சொல் வைக்காமலும் ஓட்டலாம் என்பதுதான் வருத்தம்; அப்படி விட்டால் வைஃபைக்குள் வந்த எவரும் ஃபர்ம்வேரை மாற்றிவிடலாம். கடவுச்சொல் இருந்தாலும் ஃபர்ம்வேர் மறையாக்கம் இல்லாமல்தான் வலையில் பயணிக்கிறது. அதற்குள் வைஃபை கடவுச்சொல் எழுத்தாகவே இருக்கிறது. வீட்டு வைஃபைக்குள் இருப்பவர்களை நம்புகிறோம் என்றால் இது போதும். டாஸ்மோட்டாவில் `OtaUrl` என்ற அமைப்பில் உள்ள முகவரியை நம்புகிறோம். அந்த அமைப்பை மாற்ற முடிந்தவர், அல்லது இடையில் நின்று பதில் அனுப்ப முடிந்தவர், தன் கோப்பைக் கொடுத்துவிடலாம்.

மூன்றாவது வழியில் எச்டிடிபிஎஸ் இருக்கிறது. அதுவே பாதுகாப்பு என்று பலர் நின்றுவிடுகிறார்கள். எச்டிடிபிஎஸ் சொல்வது, பேசிக்கொண்டிருப்பது சரியான சர்வர் என்பதை மட்டும்தான். அந்தச் சர்வருக்குள் ஒருவர் புகுந்து கோப்பை மாற்றிவிட்டால் 24 சாதனங்களும் நம்பிக்கையோடு இறக்கிக்கொள்ளும். ஃபர்ம்வேரின் மேலேயே கையொப்பம் இருந்து, அதைச் சாதனம் தானே சரிபார்த்தால், கோப்பு எந்த வழியாக வந்தாலும் கவலையில்லை.

அந்தக் கையொப்பம் எந்த வகைச் சாவியால் ஆனது என்பதும் முக்கியம். பிலிப்ஸ் ஹியூ பல்புகளில் 2016-இல் ஆய்வாளர்கள் காட்டியது இதைத்தான். அந்தப் பல்புகளின் ஃபர்ம்வேர் பாதுகாக்கப்பட்டுத்தான் இருந்தது; ஆனால் சரிபார்க்கும் ரகசியச் சாவி ஒரே வகைப் பல்புகள் எல்லாவற்றிலும் ஒன்றே. ஒரு பல்பை வாங்கி, அது இயங்கும்போது இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே சாவியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவர்களால் எந்தப் பல்புக்கும் ஏற்ற ஃபர்ம்வேர் செய்ய முடிந்தது. வேறொரு பிழையையும் சேர்த்து, பல்பிலிருந்து பல்புக்குப் பரவும் புழுவுக்கே வழி இருப்பதைக் காட்டினார்கள். பொது-தனிச் சாவி முறையில் சாதனத்துக்குள் இருப்பது பொதுச் சாவி மட்டும். அதை எவர் எடுத்தாலும் பயனில்லை. கையொப்பமிடும் தனிச் சாவி நம் கணினியில் இருக்கிறது.

இஎஸ்பி32-இல் இதை இரண்டு ஆழத்தில் செய்யலாம். முதலாவது `CONFIG_SECURE_SIGNED_APPS_NO_SECURE_BOOT`. இப்போது ஓடும் ஃபர்ம்வேர், வரும் ஃபர்ம்வேரின் கையொப்பத்தைத் தன்னுடைய பொதுச் சாவியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் தொடக்க ஸ்லாட்டை மாற்றாது. சிப்பில் நிரந்தரமாக எதுவும் எரிக்கப்படுவதில்லை. பலகையைக் கையில் எடுத்துக் கம்பி செருகியவர் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது இதன் எல்லை.

இரண்டாவது ஆழம் செக்யூர் பூட் வி2. பொதுச் சாவியின் சுருக்கம், ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சிப்பின் இஃப்யூஸில் எரிக்கப்படும். ஒவ்வொரு தொடக்கத்திலும் சிப்பே சரிபார்க்கும். எரித்ததை மாற்ற முடியாது. முதல் தலைமுறை இஎஸ்பி32-இல், அதுவும் ரிவிஷன் 3.0 முதல்தான் இது உண்டு, ஒரே ஒரு சாவிக்குத்தான் இடம். எஸ்3, சி3 போன்ற சிப்புகளில் மூன்று சாவிகள் வைத்து, ஒன்று கசிந்தால் அதை ரத்து செய்யலாம். தனிச் சாவி தொலைந்துவிட்டால் அந்தச் சிப்பில் இனி புதிய ஃபர்ம்வேர் ஏறாது, கம்பி வழியாகக்கூட.

சொந்த வீட்டுக்கு நான் செக்யூர் பூட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுக்குள் வந்து சுவிட்ச் பெட்டியைக் கழற்றும் திருடனுக்கு ஃபர்ம்வேர் தேவைப்படாது. ஆனால் ஹார்ட் டிஸ்க் போனதோடு சாவியும் போவது எந்த வீட்டிலும் நடக்கும். இதே சாதனங்களைச் செய்து மற்றவர்களுக்கு விற்பவராக இருந்தால் முடிவு தலைகீழ். அப்போது எஸ்3 அல்லது சி3 எடுத்து, மூன்று சாவிகளையும் எரித்து, இரண்டைத் தனித்தனி இடங்களில் பூட்டி வைக்க வேண்டும்.

கையொப்பம் மட்டும் தடுக்காத ஒன்று உண்டு: நாமே கையொப்பமிட்ட பழைய, ஓட்டை உள்ள பதிப்பை யாராவது எடுத்து மறுபடி ஊட்டுவது. வருவது இப்போதையதைவிடப் புதியதா என்ற ஒப்பீட்டை நிரலில் எழுதிவிட்டால் வீட்டு அளவுக்குப் போதும். இஃப்யூஸில் எண்ணிக்கை எரிக்கும் ஆன்டி-ரோல்பேக்கும் உண்டு; அதுவும் திரும்பப் பெற முடியாதது, விற்பவர்களுக்கானது.

தவறான பலகைக்குச் சரியான ஃபர்ம்வேர்

2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் என்ற அமெரிக்க நிறுவனம் தன் 6ஐ வகைப் பூட்டுகளுக்கு, 7ஐ வகைக்கான ஃபர்ம்வேரை அனுப்பிவிட்டது. சுமார் 500 பூட்டுகள் எண்களை ஏற்காமல் போயின. சர்வரோடு பேசும் திறனையே அவை இழந்துவிட்டதால் திருத்தத்தையும் அனுப்ப முடியவில்லை. பூட்டின் பின்பகுதியைக் கழற்றி அனுப்பிவைக்கவோ, புதியது வரும்வரை காத்திருக்கவோ வேண்டியதாயிற்று. அந்த ஃபர்ம்வேர் அதே நிறுவனத்துடையதுதான். யார் அனுப்பியது என்று சரிபார்ப்பதால் இதைப் பிடிக்க முடியாது.

நம் 24 சாதனங்களிலும் இதே ஆபத்து இருக்கிறது. இஎஸ்பி32-க்கான கோப்பை சி3-க்கு அனுப்பினால் தலைப்பில் உள்ள சிப் எண்ணைப் பார்த்து அது மறுத்துவிடும். ஆனால் ரிலே பலகை, மோட்டார் பலகை இரண்டிலும் ஒரே சிப். ஒன்றில் சிப்பின் பின்னில் மின்னழுத்தம் தாழ்ந்தால் ரிலே இயங்கும், மற்றதில் உயர்ந்தால் இயங்கும். மாறிப்போனால் தொடங்கிய நொடியிலேயே மோட்டார் ஓடும். இதைத் தடுக்க, ஒவ்வொரு பலகை வகைக்கும் `project_name`-ஐ வேறாக வைத்து (`motor-r2`, `relay-r1` என்பது போல), முழுக் கோப்பும் இறங்குவதற்கு முன்பே `esp_https_ota_get_img_desc()` மூலம் பெயரைப் படித்துப் பொருந்தாவிட்டால் நிறுத்திவிடலாம். இஎஸ்பிஹோமில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி யாமல் கோப்பு இருப்பதால் இந்தக் குழப்பம் இயல்பாகவே குறைவு. அதன் பெரிய பலம் என்று இதைச் சொல்வேன். டாஸ்மோட்டாவில் ஒரே ஃபர்ம்வேர் எல்லாப் பலகைக்கும். பின் அமைப்பு தனியாகச் சேமிக்கப்படுவதால் அங்கும் பெரிய பயமில்லை. நாமே எழுதும் வழியில்தான் இந்தப் பொறுப்பு முழுக்க நம்முடையது.

24 சாதனங்களுக்கும் என் பிரிப்பு

விளக்கு ரிலேக்கள் 16, வெப்பநிலை சென்சார்கள் 5: இவை இஎஸ்பிஹோம். கடவுச்சொல் கட்டாயம், `ap:` கட்டாயம், `num_attempts` 20. இவற்றில் எது சொதப்பினாலும் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. 21 சாதனங்களுக்கு நாமே ஃபர்ம்வேர் எழுதிப் பராமரிப்பது வீண் உழைப்பு. ஒவ்வொரு பலகை வகையிலும் ஒன்றுக்கு முதலில் அனுப்பி, ஒரு நாள் விட்டு, பிறகு மற்றவற்றுக்கு அனுப்பினால் போதும்.

டாஸ்மோட்டாவை இந்த வீட்டுக்கு எடுக்கவில்லை. ஏற்கெனவே டாஸ்மோட்டா ஓடும் கடைப் பொருட்கள் நிறைய இருந்தால் மாற்றவும் சொல்ல மாட்டேன். `OtaUrl`-ஐ வீட்டுக்குள் இருக்கும் சொந்தச் சர்வருக்குத் திருப்பிவிட்டால் எந்தப் பதிப்பு எப்போது ஏறும் என்பது நம் கையில் இருக்கும்.

தொட்டி, மோட்டார், கேட் மூன்றுக்கும் இஎஸ்பி-ஐடிஎஃப்: இரண்டு ஸ்லாட், ரோல்பேக், இஃப்யூஸ் தொடாத கையொப்பம், மேலே சொன்ன சோதனை. இந்த மூன்றையும் காலை 11 மணி அளவில் மேம்படுத்த வேண்டும். நள்ளிரவில் செய்வது பழக்கமாக இருக்கலாம், ஆனால் தவறினால் பார்க்க ஆள் இருக்கும் நேரம், காலைத் தண்ணீர் ஏற்றி முடிந்த நேரம் பகல்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் மேம்பாட்டை ஒத்திவைக்கும் நிபந்தனை நிரலிலேயே இருக்க வேண்டும். ரீசெட் ஆகும்போது பின்கள் ஒரு கணம் மிதக்கும்; அந்தக் கணத்தில் ரிலே அணைந்த நிலைக்கே போகும்படி பலகையில் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். இதை எந்த ஃபர்ம்வேராலும் ஈடுசெய்ய முடியாது. மோட்டார் ஸ்டார்ட்டரின் பச்சை, சிவப்புப் பட்டன்களையும் கழற்றிவிடாதீர்கள். இஎஸ்பி32 இல்லாமலே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் வழி இருக்க வேண்டும்.

ஒவ்வொரு சாதனமும் எழுந்தவுடன் எம்க்யூடிடியில் நான்கு விவரம் அனுப்பட்டும்: பதிப்பு, எந்த ஸ்லாட், கடைசி ரீசெட்டின் காரணம், வைஃபை சிக்னல். பதிப்பு 15 அனுப்பிய பின் 14 என்று வந்து, காரணத்தில் `ESP_RST_POWERON` இருந்தால் சோதனை நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது, மறுபடி அனுப்பலாம். `ESP_RST_PANIC` அல்லது `ESP_RST_TASK_WDT` இருந்தால் ஃபர்ம்வேரில் தவறு. மற்றவற்றுக்கு அனுப்புவதை அங்கேயே நிறுத்திவிட்டு லாக்கைப் பார்க்க உட்கார வேண்டும். சிக்னல் -80-க்கும் கீழே இருந்து இறக்கம் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தால் குறை ஃபர்ம்வேரில் இல்லை. தொட்டிப் பக்கம் ஒரு ரிப்பீட்டர் வைத்துவிட்டு மறுபடி அனுப்பிப் பாருங்கள்.